தீபாவளி விற்பனையில் இடம் கேட்கும் கடிதம்: கையிருப்பை எப்படி எழுதுவது?

கேள்வி: நாங்கள் பூநகரியில் ஐந்து பெண்கள் சேர்ந்து பனங்கட்டி, ஒடியல் மா, புழுக்கொடியல், பனாட்டு, எள்ளுருண்டை, மொட்டைக்கறுப்பன் அரிசிமா என்று பதினொரு பொருட்களை இணையச் சந்தைத் தளம் ஒன்றில் விற்று வருகிறோம். இந்தத் தீபாவளிக்குத் தளத்தின் பண்டிகை விற்பனைப் பக்கத்தில் எங்களுக்கும் ஓர் இடம் கேட்க விரும்புகிறோம். எங்கள் கணக்கு முகாமையாளர் தமிழ் வாசிப்பவர். சென்ற வருடம் கேட்டபோது, "பொருட்களின் விபரத்தையும் இருப்புத் தயார்நிலையையும் எழுதி அனுப்புங்கள்" என்றார். எல்லாவற்றையும் எழுதி அனுப்பினோம்; பதில் வரவில்லை. எங்கள் இருப்புப் பட்டியலையும் சென்ற வருடக் கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். இம்முறை எப்படி எழுதுவது? — ஒரு வாசகி, பூநகரி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் சென்ற வருடக் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். பனையின் சிறப்பும் உங்கள் குழுவின் உழைப்பும் அதில் நன்றாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனால், கணக்கு முகாமையாளர் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலையைச் செய்வதற்கு அதில் எதுவும் இல்லை. பண்டிகைப் பக்கத்தில் யாருக்கு இடம் என்பதை அவர் தனியாகத் தீர்மானிப்பதில்லை. உணவுப் பிரிவுக்குப் பொறுப்பானவரிடமும் விற்பனைத் திட்டத்தைத் தயாரிப்பவர்களிடமும் எந்தப் பொருள், என்ன விலை, எத்தனை, எந்த நாட்களில் என்று நிரப்பிய ஓர் அட்டவணையை அவர் கொடுத்தாக வேண்டும். உங்களிடம் திரும்பக் கேள்வி கேட்காமல் அந்த அட்டவணையை நிரப்ப முடிந்தால் உங்கள் கடிதம் முன்னே போகும். "போதியளவு இருப்பு உண்டு" என்ற வரியை எந்தக் கட்டத்திலும் நிரப்ப முடியாது.

அவருக்கு உள்ளூர ஓர் அச்சமும் இருக்கும். சிறு உற்பத்தியாளர் ஒருவருக்கு வாங்கிக் கொடுத்த இடத்தில், விற்பனை தொடங்கிய அன்று நண்பகலே "இருப்பு முடிந்தது" என்று காட்டினால் அந்த இடம் வீணாகும். அதைவிட மோசமானது, பணம் வாங்கிய ஓடர்களைப் பின்னர் பொருளில்லை என்று இரத்துச் செய்வது. அது உங்கள் விற்பனையாளர் மதிப்பீட்டைக் குறைக்கும். அவருடைய பரிந்துரையின் மதிப்பும் அத்துடன் போய்விடும். ஆகவே இருப்புத் தயார்நிலை என்ற சொல்லால் அவர் கேட்பது களஞ்சியத்தில் எவ்வளவு கிடக்கிறது என்பதையல்ல, குறித்த நாட்களில் குறித்த எண்ணிக்கையை விற்று, பொதிசெய்து, கூரியரிடம் ஒப்படைக்க முடியுமா என்பதையே. இந்தக் கணக்கைக் கடிதம் எழுத முன்னரே முடித்துவிட வேண்டும். அதனால் அதை முதலில் பார்ப்போம்.

பதினொரு பொருட்களில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பனங்கட்டி, எள்ளுருண்டை, வறுத்த மொட்டைக்கறுப்பன் அரிசிமா, இந்த மூன்றையும் பனையோலைப் பெட்டியில் அடுக்கிய தீபாவளிப் பரிசுப்பெட்டி. ஒடியல் மாவும் பனாட்டும் மதிப்புக் குறைந்தவை என்பதால் நான் அவற்றை விடச் சொல்லவில்லை. அவற்றைத் தேடி வருபவர்கள் பழக்கப்பட்ட வாடிக்கையாளர்கள். பண்டிகைப் பக்கத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போகும் புதியவருக்கு ஒடியற் கூழை விளக்கிக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை. மேலும், புதிய ஒடியல் மாசி, பங்குனியில்தான் காய்ந்து கைக்கு வரும். அவற்றைச் சித்திரைப் புத்தாண்டு விற்பனைக்கு வைத்துக்கொள்வது பொருத்தம்.

இந்த நான்கிலும் பனங்கட்டி தனி வகை. கருப்பணி இறக்கும் பருவம் முடிந்துவிட்டதால், செப்டெம்பரில் உங்கள் கையில் உள்ளதுதான் தீபாவளிக்கும் இருக்கும். ஓடர் கூடினால் மேலும் காய்ச்ச முடியாது. எள்ளுருண்டை அப்படியல்ல. எள்ளும் சர்க்கரையும் இருந்தால் மறுநாளே பிடிக்கலாம். அரிசிமாவையும் வாரத்துக்குள் இடித்து வறுத்துவிடலாம். ஒரே பட்டியலில் இவ்விரு வகையையும் ஒன்றாக எழுதினால், பனங்கட்டி முடிந்ததும் புதிது வருமென்று முகாமையாளர் எண்ணிக்கொள்வார். எது முடிந்தால் முடிந்ததுதான், எதைத் திரும்பச் செய்யலாம் என்பதைக் கடிதத்தில் பிரித்துச் சொல்லுங்கள்.

இப்போது பனங்கட்டிக் கணக்கைப் பார்ப்போம். செப்டெம்பர் 6ஆம் திகதி எண்ணியதாக உங்கள் பட்டியலில் 160 கிலோ இருக்கிறது. வாரம் 5 கிலோ வழக்கமாக விற்கிறீர்கள். ஒக்டோபர் கடைசி வாரம்வரை ஏழு வாரத்துக்கு 35 கிலோ போகும். கொழும்புக் கடைக்கு வாக்களித்த 40 கிலோவும் உங்களுடையதல்ல. மிஞ்சுவது 85 கிலோ. இதில் 10 கிலோவை மழைக்கு என்று கழியுங்கள். ஒக்டோபர் நடுப்பகுதியில் வன்னியில் மாரி மழை தொடங்கியதும் காற்றின் ஈரத்தைப் பனங்கட்டி இழுத்துக்கொள்ளும். குட்டானின் அடிப்பக்கம் கசிந்து, ஓலையில் கறுப்பாக ஈரம் படிந்திருந்தால் அதை அனுப்பக்கூடாது. மிகுதி 75 கிலோ, 250 கிராம் பொதியாக 300 வரும். பரிசுப்பெட்டி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பொதி போகிறது. 100 பெட்டிக்கு 100 பொதி. எஞ்சிய 200இல் 20ஐ உடைந்தவற்றுக்கு மாற்றீடாக ஒதுக்கிவிட்டு, 180 என்று கடிதத்தில் எழுதுங்கள். 160 கிலோவோடு ஒப்பிட்டால் 180 பொதி, அதாவது 45 கிலோ, சிறிதாகத் தெரியலாம். ஆனால் அந்த 180இல் ஒன்றுகூடத் தவறாமல் போய்ச் சேர்ந்தால், அடுத்த பண்டிகைக்கு முகாமையாளரே உங்களைக் கூப்பிடுவார்.

பரிசுப்பெட்டியில் ஒரு மறைவான சிக்கல் உண்டு. பெட்டியைத் தளத்தில் தனிப் பொருளாகப் பதிவுசெய்யும்போது, பெட்டி ஒன்று விற்றால் அதற்குள் உள்ள பனங்கட்டிப் பொதியும் இருப்பில் ஒன்று குறையும் என்று பலர் நம்புகிறார்கள். நீங்களாக இணைக்காவிட்டால் பொதுவாக அப்படிக் குறையாது. தனிப் பனங்கட்டிக்கு 300, பெட்டிக்கு 100 என்று இருப்பைப் பதிந்தால், உள்ளது 300 பொதியாக இருக்க, தளம் 400ஐ விற்கத் தயாராக நிற்கும். ஆகவே எண்ணைப் பிரிப்பதோடு பொருளையும் பிரியுங்கள். பெட்டிக்கான 100 பொதிகளைப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடிவிடுங்கள். வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் ஊரில் உள்ளவர்களுக்காகத் தொலைபேசியில் சொல்லும் ஓடர்களுக்கும், அலுவலகங்கள் பண்டிகைக்கு முன் திடீரென்று கேட்கும் தொகைக்கும் இந்தப் பொதிகளில் கை வைக்காதீர்கள். சிறு உற்பத்தியாளர்களின் விற்பனை இருப்பு பெரும்பாலும் இந்த வழியால்தான் காணாமற்போகிறது.

பெட்டி 100 என்று நான் எடுத்துக்கொண்டதற்கும் காரணம் ஓலைதான். உங்களிடம் முடைந்த பெட்டிகள் 60 உள்ளன; ஒக்டோபர் 10க்குள் இன்னும் 60 முடையலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். மழை பிடித்த பின்னர் ஓலை காயாது. ஈர ஓலையில் முடைந்த பெட்டி பயணத்திலேயே பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே ஒக்டோபர் 10ஐக் கடைசி நாளாக வைத்து, 120இல் 100ஐ மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பெரும்பாலானவர்கள் எழுத மறப்பது: பொதிசெய்யும் வேகம். பனங்கட்டி 180, எள்ளுருண்டை 120, அரிசிமா 120 என்று தனிப் பொதிகள் 420 ஆகின்றன. உங்கள் பழைய ஓடர்களில் ஒருவர் சராசரியாக இரண்டு பொதி வாங்குவதால், இவை ஏறக்குறைய 210 பார்சல்கள். பரிசுப்பெட்டி 100 சேர்த்து 310. நீங்கள் இருவர் நாளொன்றுக்கு 45 பார்சல் கட்டுவதாகச் சொல்கிறீர்கள். ஐந்து நாளில் 225தான் கட்டலாம். பொருள் இருந்தும் 85 பார்சல்கள் பிந்தும்; பிந்திய ஒப்படைப்பும் ஓடரை இரத்துச் செய்வதைப் போலவே மதிப்பீட்டைக் குறைக்கும். இதற்கு எளிய வழி, பரிசுப்பெட்டிகளை விற்பனை தொடங்குமுன்னரே வெளிமட்டைப் பெட்டியில் கட்டி முடித்து, முகவரிச் சீட்டு ஒட்டுவது மட்டும் மிச்சமாக வைப்பது. அப்போது கையால் கட்ட வேண்டியது 210 மட்டுமே. முதல் நாளில்தான் ஓடர்கள் குவியும் என்பதால், முதல் இரண்டு நாளும் குழுவிலிருந்து மூன்றாமவர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு 65 வரை உயர்த்துங்கள். இந்த எண்ணைக் கடிதத்தில் கண்டதும், நீங்கள் வேலையை உணர்ந்து எழுதுகிறீர்கள் என்பது வாசிப்பவருக்குப் புரியும்.

நாட்களைத் தெரிவதிலும் கவனம் தேவை. இவ்வருடம், 2026இல், தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாள் கழித்து 11.11 விற்பனை. தளத்தில் உள்ள எல்லோரும் அதற்காக ஓடிக்கொண்டிருக்கும் வாரத்தில் கூரியர் நிலையங்களும் நிரம்பிவிடும். பூநகரியிலிருந்து பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்கோ மட்டக்களப்புக்கோ போகும் பார்சலுக்கு மழைநாளில் எத்தனை நாள் எடுத்தது என்பதை உங்கள் பழைய அனுப்பல் பதிவுகளில் பாருங்கள். சராசரியை அல்ல, மிகப் பிந்தியவற்றைப் பாருங்கள். என் கணிப்பில், ஒக்டோபர் 27 செவ்வாய் முதல் 31 சனிவரையான ஐந்து நாட்களே உங்களுக்கு ஏற்றவை. மாதச் சம்பளம் கைக்கு வந்திருக்கும். பார்சல் போய்ச் சேர ஒரு வாரம் மீதியிருக்கும். நவம்பர் முதல் வாரத்தைக் கேட்டால், எண்ணெய் வைத்துத் தலைமுழுகிய பின்னர்தான் பரிசுப்பெட்டி வீட்டுக்கு வரும்.

விலையைப் பற்றி ஒரு விடயம் மட்டும். விற்பனைக்காக நீங்கள் கொடுக்கும் விலை அண்மைக்காலத்தில் அதே பொருளை விற்ற மிகக் குறைந்த விலையிலும் குறைவாக இருக்க வேண்டும் என்று பல தளங்கள் விதிக்கின்றன. ஆகவே செப்டெம்பரில் அவசரப்பட்டு விலைக்கழிவு கொடுத்துவிட்டால் தீபாவளி விலை நிராகரிக்கப்படலாம். தீபாவளிக்கு மிகவும் இறக்கிவிட்டால் 11.11இற்கு அதற்கும் கீழே இறங்க வேண்டிவரும். பனங்கட்டி எப்படியும் மிஞ்சாது என்பதால் அதை 11.11இற்குக் கொடுக்கவே வேண்டாம். தளத்தின் தரகு, கொடுப்பனவுக் கட்டணம், மட்டைப் பெட்டிச் செலவு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்து, கையில் நிற்கும் தொகை சரியென்று கண்ட பின்னரே விலையை எழுதுங்கள்.

கடிதம் செப்டெம்பர் இரண்டாம் வாரத்துக்குள் போக வேண்டும். கீழே உள்ளதை உங்கள் எண்களுக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம்.

"பொருள்: தீபாவளி விற்பனைப் பக்கத்தில் இடம் கோரல் — ஒக்டோபர் 27 முதல் 31 வரை, நான்கு உணவுப் பொருட்கள்

மதிப்பிற்குரிய கணக்கு முகாமையாளர் அவர்களுக்கு,

எதிர்வரும் தீபாவளி விற்பனையில் உணவுப் பிரிவுப் பக்கத்தில் எமது தீபாவளிப் பரிசுப்பெட்டிக்கு ஓர் இடத்தையும், அதனோடு சேர்ந்த மூன்று பொருட்களுக்குப் பண்டிகை விற்பனை அடையாளத்தையும் ஒக்டோபர் 27 முதல் 31 வரை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எமது கடைக் குறியீடும் நான்கு பொருட்களின் குறியீடுகளும் வழமையான விலையும் விற்பனை விலையும் இணைத்துள்ள அட்டவணையில் உள்ளன.

இந்த விற்பனைக்கென்று நாம் ஒதுக்கி வைத்துள்ள தொகை வருமாறு: பரிசுப்பெட்டி 100, பனங்கட்டி 250 கிராம் பொதி 180, எள்ளுருண்டை 200 கிராம் பொதி 120, வறுத்த மொட்டைக்கறுப்பன் அரிசிமா 400 கிராம் பொதி 120. பரிசுப்பெட்டிக்குள் செல்லும் பொருட்கள் இவற்றுக்குப் புறம்பாக வைக்கப்பட்டுள்ளன. பனங்கட்டி இப்பருவத்தில் மீள உற்பத்தி செய்யப்படாது. ஆகையால் பனங்கட்டியும் பரிசுப்பெட்டியும் முடிந்தால் அத்தோடு நிறைவு பெறும். எள்ளுருண்டையை நாளொன்றுக்கு 75 பொதிவரை புதிதாகச் செய்ய முடியும். தேவையேற்பட்டால் அதன் தொகையை ஒரு நாள் முன்னறிவித்தலுடன் உயர்த்தலாம்.

பனங்கட்டியின் இருப்பு செப்டெம்பர் 6ஆம் திகதி எண்ணப்பட்டது. ஓலைப்பெட்டிகளில் 60 தயாராக உள்ளன. மிகுதி ஒக்டோபர் 10ஆம் திகதிக்குள் முடியும். அன்று எல்லாவற்றையும் மீண்டும் எண்ணி, உறுதிசெய்த தொகையைத் தங்களுக்கு அறிவிப்போம். எள்ளுருண்டையும் அரிசிமாவும் விற்பனைக்கு முந்திய வாரத்தில் செய்யப்படும். உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம் ஆகியன ஒவ்வொரு பொதியிலும் அச்சிடப்பட்டிருக்கும்.

பரிசுப்பெட்டிகள் அனுப்புவதற்கேற்ப முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கும். ஏனைய ஓடர்களில் முதல் இரு நாட்களும் நாளொன்றுக்கு 65, பின்னர் 45 பார்சல்களைக் கட்டி ஒப்படைக்க முடியும். தற்போது கூரியர் வாகனம் பூநகரிக்கு வாரத்தில் இரு நாட்களே வருகிறது. ஒக்டோபர் 28 முதல் நவம்பர் 2 வரை தினமும் வருவதற்கு ஏற்பாடு செய்து தந்தால் உதவியாக இருக்கும். இயலாதெனில் நாமே கிளிநொச்சி நிலையத்தில் ஒப்படைப்போம்.

கடந்த மூன்று மாதங்களில் எமது கடையின் ஓடர் எண்ணிக்கை, இரத்து வீதம், வாடிக்கையாளர் மதிப்பீடு ஆகியவற்றின் திரைப்பிரதியையும், பிரதேச செயலகத்தில் பெற்ற வியாபாரப் பதிவுச் சான்றிதழின் பிரதியையும் பொருட்களின் படங்களையும் இணைத்துள்ளோம். பிரிவுப் பக்கத்தில் இடமில்லையெனில், குறுகிய நேரச் சலுகை விற்பனையில் 40 பரிசுப்பெட்டிகளுக்கு ஓர் இடம் தந்தாலும் ஏற்றுக்கொள்வோம். மட்டைப் பெட்டிகளுக்கு முற்பணம் கட்ட வேண்டியிருப்பதால், செப்டெம்பர் 25ஆம் திகதிக்குள் தங்கள் முடிவை அறியத் தந்தால் நன்றியுடையோம்.

இப்படிக்கு,"

இந்தக் கடிதத்தில் நான் வேண்டுமென்றே சேர்த்தவை இரண்டு. ஒன்று, 40 பெட்டிக்கான மாற்றுக் கோரிக்கை. முகப்புப் பக்கப் பதாகையைப் பெரும் நிறுவனங்கள் பணம் கொடுத்துப் பிடித்திருக்கும். அதைக் கேட்டால் கடிதம் அங்கேயே நின்றுவிடும். குறுகிய நேரச் சலுகைக்குக் குறைந்த தொகை போதும். 100 பெட்டி வைத்திருக்கும் உங்களுக்கு அது சிறுமையுமல்ல, ஆபத்துமல்ல. மற்றது, பதில் கேட்கும் திகதியும் அதற்கான காரணமும். "விரைவில் பதில் தரவும்" என்பதை யாரும் தள்ளிப்போடலாம். மட்டைப் பெட்டி ஓடர் செய்ய வேண்டிய நாள் என்றால் தள்ளிப்போட மனம் வராது.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொருளின் அழகான படத்தோடு, எண்ணி அடுக்கிய களஞ்சியத்தின் படம் ஒன்றையும் அனுப்புங்கள். அடுக்குகளில் திகதிச் சீட்டுத் தெரிய வேண்டும். தூரத்தில் இருந்து தீர்மானிப்பவருக்கு அந்தப் படம் மிகுந்த நம்பிக்கையைத் தரும்.

25ஆம் திகதிவரை பதில் வராவிட்டால் ஒருமுறை தொலைபேசியில் பேசுங்கள். கடிதத்தை முழுவதும் மீண்டும் அனுப்பாமல், அட்டவணையை மட்டும் அனுப்புங்கள். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒக்டோபர் 10ஆம் திகதி மீண்டும் எண்ணுங்கள். ஒவ்வொரு பனங்கட்டிக் கொள்கலனையும் திறந்து பார்த்து, இளகியவற்றை எடுத்துவிட்டு, மிகுதியை உள்ளே காற்றுப் புகாத உறையிலும் வெளியே குட்டானிலுமாக மூடுங்கள். அன்று 180 என்பது 150 ஆகிவிட்டிருந்தால், அன்று மாலையே முகாமையாளருக்கு 150 என்று எழுதிவிடுங்கள். விற்பனைக்கு இரண்டு வாரம் முன்னர் எண்ணைக் குறைப்பது அவருக்கு அட்டவணையில் ஒரு திருத்தம் மட்டுமே. அந்த இடத்தை அவர் வேறு ஒருவரின் பொருளால் நிரப்பிக்கொள்வார், உங்கள் மீதி 150உம் தம் இடத்திலேயே இருக்கும்.